பணி நிறைவு உரை: இனி எங்களுக்கு பைண்டிங் வேலை

(நமது அறக்கட்டளையின் செயலாளர், தாம் எழுத்தராகப் பணியாற்றிய அலுவலகத்தில் நடந்த பிரிவு உபசார நிகழ்ச்சியில் பேசியது. வாசகர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடப்படுகிறது.)

 

மேனேஜர் ஐயா அவர்களே, உடன் பணியாற்றிய சகோதர சகோதரிகளே! பொன்னாடையும் கைக்கடிகாரமும் தந்தீர்கள். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் பரக்கத் செய்வானாக. ஒரு மாதமாக எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ரிட்டையர் ஆகி என்ன செய்யப் போகிறீர்கள், பாய்?" சிலர் பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மச்சான் ஒருவர் ஷேர் ஆட்டோ வாங்கி ஓடவிடச் சொன்னார். அதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போனோம். பதிலை இந்த மேடையில் சொல்லலாம் என்று வைத்திருந்தோம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் எங்கள் வீட்டுத் திண்ணை அறையில் பைண்டிங் வேலை ஆரம்பிக்கிறோம். பழைய புத்தகங்கள், ரெஜிஸ்டர்கள், முஸ்ஹஃபுகள், கிதாபுகள் ஆகியவற்றைப் பிரித்துத் தைத்துக் கட்டிக் கொடுக்கும் வேலை.

"நாங்கள்" என்று சொல்வது மரியாதைக்காக அல்ல. இதில் உண்மையிலேயே இருவர் இருக்கிறோம். தையல் முழுவதும் எங்கள் வீட்டாருடையது. அவர்களுடைய வாப்பா மத்ரஸா கிதாபுகளுக்கு பைண்டிங் செய்தவர்கள். சிறு வயதில் வாப்பாவுக்கு நூல் கோத்துக் கொடுத்த கை இன்னும் மறக்கவில்லை. அட்டை வெட்டுவது, பசை காய்ச்சுவது, கணக்கு எழுதுவது மட்டும் இந்த எழுத்தரின் பங்கு.

ஏன் இந்த வேலை என்று இங்கே உள்ளவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. போன வருடம் நம் பதிவறையில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஆனாலும் புதிதாக வந்த பிள்ளைகளுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறோம். எங்கள் தொழில் என்ன, எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்பது அந்த ஒரு ரெஜிஸ்டரிலேயே இருக்கிறது.

நம்மிடம் காவலராக இருந்த பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றபோது அவருக்கு பணிக்கொடை கணக்கிட்டோம். கோப்பில் 1998 முதல்தான் சேர்க்கை உத்தரவு இருந்தது. அவரோ "1994-லேயே சேர்ந்துவிட்டேன்" என்று உறுதியாகச் சொன்னார். பணிக்கொடைக் கணக்கு உங்களுக்குத் தெரியும்: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைப் பணி செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். அவர் சம்பளம் 7,800 ரூபாய். ஒரு வருடத்துக்கு 4,500 வரும். நான்கு வருடம் என்றால் 18,000 ரூபாய். ஓய்வு பெறுகிற ஒரு காவலருக்கு அது சின்னத் தொகை அல்ல.

1994-ஆம் வருடச் சம்பள ரெஜிஸ்டர் பதிவறையில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அவர் பெயர் இருக்கிறது, சம்பளத் தொகையும் இருக்கிறது. ஆனால் பணியில் சேர்ந்த தேதி எழுதும் முதல் பத்தி கண்ணுக்கே தெரியவில்லை. ஏன்? அந்தத் தாள்களை யாரோ பிற்காலத்தில் ஒன்றாக அடுக்கி, முதுகு ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஊசியால் மேலிருந்து கீழாகக் குத்தித் தைத்திருந்தார்கள். இதைத்தான் சைடு தையல் என்கிறோம். அதோடு முதுகு முழுக்க வஜ்ஜிரம் பூசியிருந்தது. அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான் முதல் பத்தி இருந்தது. விரித்துப் பிடித்து எட்டிப் பார்த்தால் தேதியின் கடைசி எழுத்து மட்டும் தெரியும். ஜெராக்ஸ் எடுத்தால் கறுப்பு நிழல்தான் விழும். இன்னும் அழுத்தி விரித்தால் தாள் கிழியும்.

மேனேஜர் ஐயா எழுத்துமூலம் அனுமதி தந்தார்கள். நாங்கள் இருவரும் ஒன்பது மாலைப் பொழுதுகள் இதே பதிவறையில் உட்கார்ந்து அந்த ரெஜிஸ்டரைப் பிரித்தோம். செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் தாள்களை எண்ணினோம். மொத்தம் 212. ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் மெல்லிய பென்சிலால் எண் போட்டோம். இதைச் செய்யாமல் கத்தரியை எடுக்கவே கூடாது. பிரித்த பிறகு காற்றில் ஒரு தாள் பறந்தால் அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து மையைச் சோதித்தோம். பஞ்சைச் சற்று ஈரப்படுத்தி, எழுத்தின் ஒரு சிறு புள்ளியில் மெதுவாக ஒற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் அந்த மை தண்ணீருக்கு ஓடும் மை. எங்கள் ரெஜிஸ்டரில் பால்பாயிண்ட் எழுத்து அசையவில்லை. ஆனால் சரிபார்த்தவர் சிவப்பு மையில் போட்ட சுருக்கொப்பம் உடனே பஞ்சில் ஏறியது. எனவே அது இருக்கும் பக்கங்களில் தண்ணீர் குறைந்த கெட்டிப் பசைதான் தொட வேண்டும், இரண்டு பக்கமும் மை ஒற்றும் தாள் வைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம்.

பிறகு தையலை அவிழ்த்தோம். நூலை இழுக்கக் கூடாது. இழுத்தால் துளை கிழிந்து ஓரம் வரை வந்துவிடும். ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக வெட்டித் துண்டு துண்டாக எடுத்தோம். முதுகில் இருந்த வஜ்ஜிரம் கல் மாதிரி இருந்தது. அதைச் சுரண்டினால் தாளும் சேர்ந்து வரும். அதன் மேல் கெட்டியான மைதா பசையை அப்பி அரை மணி நேரம் விட்டோம். பசையில் உள்ள ஈரம் மெதுவாக இறங்கி வஜ்ஜிரத்தை இளக்கியது. மொட்டைக் கத்தியால் தள்ளியபோது பாகு மாதிரி வந்தது. வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் அது தாளுக்குள் ஓடி மையைக் கெடுத்திருக்கும். பசை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். வீட்டாருடைய வாப்பா சொல்லிக் கொடுத்தது இது.

மூன்றாம் நாள் மாலை அந்தப் பெரியவருடைய தாள் தனியாகக் கைக்கு வந்தது. முதல் பத்தியில் 1994 ஜூன் மாதத் தேதி தெளிவாக இருந்தது. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் டீ குடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். தேதி கிடைத்துவிட்டதே, இனி எதற்கு என்று அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மற்ற 211 தாள்களில் வேறு யாருடைய தேதி இருக்கிறதோ! அதனால் மறுபடி கட்டினோம்.

இங்கேதான் உண்மையான வேலை. புதுப் புத்தகம் என்றால் அச்சகத்திலிருந்து 16 பக்கம் கொண்ட பாரங்களாக மடித்து வரும். மடிப்பின் நடுவே ஊசியை விட்டு ஒன்றோடொன்று கோத்துத் தைத்தால், புத்தகம் மேசையில் தட்டையாக விரியும். எழுத்து எதுவும் தையலுக்குள் போகாது. நம் ரெஜிஸ்டரோ ஒற்றைத் தாள்கள். மடிப்பே இல்லை. அதனால் மடிப்பை நாங்களே உண்டாக்கினோம். மெல்லிய உறுதியான தாளில் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டி வெட்டி, இரண்டு தாள்களின் உள் ஓரத்தை அதனால் ஒட்டி இணைத்தோம். ஒட்டும் அகலம் ஒவ்வொரு தாளிலும் ஐந்து மில்லிமீட்டர்தான். இப்போது இரண்டு தாள் ஒரு ஜோடி. நான்கு ஜோடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்தால் எட்டுத் தாள் கொண்ட ஒரு பாரம். 26 பாரங்களும், மிஞ்சிய நான்கு தாள்களில் ஒரு சின்னப் பாரமும் ஆக மொத்தம் 27 பாரங்கள்.

பட்டித்தாள் தடிமனாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொரு பட்டியும் முதுகுப் பக்கம் கொஞ்சம் கனம் சேர்க்கும். நூற்றுக்கும் மேல் பட்டி என்றால் முதுகு தலையணை மாதிரி உப்பி, முன்பக்கம் ஒல்லியாக இருக்கும். அப்புறம் அட்டை மூடாது. ஆகவே பட்டி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. பட்டியை வெட்டும்போது தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். தாளை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் சுலபமாக வளையும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளையும் மடிப்பு எந்தப் பக்கமாக ஓடுகிறதோ அதுதான் இழை. அந்த இழை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். மாறிப் போனால் பசை பட்டதும் சுருங்கி அலை அலையாகிவிடும். அட்டைக்கும் இதே விதிதான். கடையில் வாங்கும் ரெஜிஸ்டர்களில் சில மழைக்காலத்தில் முறம் மாதிரி வளைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிறகு வீட்டார் தைத்தார்கள். முதுகில் பட்டை நாடா வைத்து, அதைச் சுற்றி நூலை எடுத்து, பாரத்துக்குப் பாரம் முடிச்சிட்டு இணைப்பது. தைத்ததும் முதுகில் பசை, அதன் மேல் மெல்லிய துணி, பிறகு அட்டை, காலிகோ. கடைசியாக இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே கனம் ஏற்றி ஓர் இரவு முழுவதும். அவசரப்பட்டு மூன்று மணி நேரத்தில் எடுத்தால் அட்டை வளைந்துகொள்ளும். வெயிலில் வைத்து உலர்த்துவதும் அப்படியே.

பெரியவருக்கு அந்த 18,000 ரூபாயும் கிடைத்தது. ரெஜிஸ்டர் இப்போது பதிவறையில் மேல் தட்டில் இருக்கிறது. யாரும் ஒரு விரலால் விரிக்கலாம்.

இதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு இந்த யோசனை வந்தது. நம் ஊர் வீடுகளில் இப்படி எத்தனை இருக்கும்! கடையை அறிவிப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் தன் உம்மா ஓதிய முஸ்ஹஃபைக் கொண்டுவந்துவிட்டார். நம் நாட்டில் அச்சான பழைய முஸ்ஹஃபுகளில் ருகூஉ அடையாளமும் ஜுஸ்உ குறிப்பும் பக்க ஓரத்தில்தான் இருக்கும். பஜாரில் கொடுத்தால் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வைத்து மூன்று மில்லிமீட்டராவது தள்ளிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், அடையாளம் பாதி போயிருக்கும். இரண்டாவது தடவை பைண்டிங் செய்தால் முழுவதும் போய்விடும். நாங்கள் பழைய புத்தகம் எதையும் வெட்டுவதில்லை என்று வைத்திருக்கிறோம். ஓரம் கொஞ்சம் ஏறக்குறைய இருந்தால் இருக்கட்டும். கட்டிங் மெஷின் வாங்கவும் போவதில்லை, ஒரு செலவு மிச்சம்!

அரபிக் கிதாபுகளிலும் அரபுத் தமிழ் நூல்களிலும் இன்னொரு சங்கடம் உண்டு. அவற்றுக்கு முதுகு வலப்பக்கம். பழக்கமில்லாதவர் தமிழ்ப் புத்தகம் போல் அட்டையைத் திருப்பி ஒட்டிவிடுவார். பக்கம் பிசகினாலும் அவருக்குத் தெரியாது. பழைய கிதாபுகள் பலவற்றில் பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள். பக்க எண் அழிந்துபோன கிதாபை அதை வைத்து வரிசைப்படுத்தலாம். மத்ரஸாவில் ஓதிய பாடம் இப்படியும் ஒரு நாள் கைகொடுக்கிறது என்று ஹஜ்ரத் அவர்களிடம் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டார்கள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வோம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு புத்தகம் வந்தால் முதலில் எழுத்தில்லாத ஒரு தாள் மூலையை மடித்துப் பார்ப்போம். முன்னும் பின்னுமாக ஓரிரு தடவை மடித்ததும் மூலை அப்பளம் போல் ஒடிந்துவிட்டால் அந்தத் தாளில் உயிர் இல்லை. அதை எப்படித் தைத்தாலும் தையல் ஓரத்திலேயே ஒடியும். அதற்கு அளவாக ஒரு அட்டைப் பெட்டி செய்து, உள்ளே வைத்துத் திருப்பிக் கொடுப்போம். அதற்குப் பைண்டிங் காசு வாங்க மாட்டோம். லேமினேஷன் செய்துவிட்ட பத்திரங்களையும் கொண்டுவராதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கெடாமல் பிரிக்க எங்களுக்கு வழி தெரியாது. இன்னும் லேமினேஷன் செய்யாதவர்கள் தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லோ டேப் ஒட்டுவதும் அப்படித்தான். சில வருடத்தில் பிளாஸ்டிக் உதிர்ந்து பசை மட்டும் தாளில் இறங்கி மஞ்சளாக நிற்கும்.

பிள்ளைகளின் பாடப்புத்தகம், கைடு போன்றவற்றுக்கு இத்தனை பாடு தேவையில்லை. ஒரு வருடம் உழைத்தால் போதும். சைடு தையல் போட்டு அன்றைக்கே கொடுத்துவிடுவோம். எழுத்துக்கும் முதுகுக்கும் நடுவே இடம் இருந்தால் சைடு தையலில் தவறொன்றும் இல்லை.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சி வராமல் இருக்க மைதா பசையில் மயில்துத்தம் போடுவது வழக்கம். புது நோட்டுகளுக்குப் பரவாயில்லை. பழைய தாளுக்கு நாங்கள் போடுவதில்லை. அதிலுள்ள செம்பு நாளாவட்டத்தில் தாளையே அரிக்கும். பேரப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அந்த விஷத்தை வைத்திருக்கவும் வீட்டார் சம்மதிக்கவில்லை. எனவே நூறு கிராம் மைதாவுக்கு அரை லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் அன்றன்றைக்குக் காய்ச்சுவோம். மறுநாளைக்கு மேல் வைப்பதில்லை.

இனி வரவு செலவு. எழுத்தர் பேசினால் இது இல்லாமல் முடியாது. ஆசாரியிடம் சொல்லி தையல் சட்டமும் இரண்டு அழுத்தப் பலகையும் செய்தாயிற்று. பழைய கை பிரஸ் ஒன்று மூடிப்போன அச்சகத்தில் கிடைத்தது. அட்டை, காலிகோ, நூல் எல்லாம் சேர்த்து இதுவரை 31,000 ரூபாய் ஆகியிருக்கிறது. கடன் வாங்கவில்லை. மீதிப் பணிக்கொடைப் பணத்தைத் தொடவும் போவதில்லை. அது கடைசி மகளின் படிப்புக்கு.

முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்று, பாரம் பாரமாக இருந்தால், தைத்துக் கட்ட இருவருக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆகிறது. பொருள் செலவு 70 ரூபாய். 250 ரூபாய் வாங்கலாம் என்று இருக்கிறோம். வாரம் பத்துப் புத்தகம் என்றால் மாதம் ஏழாயிரம் சொச்சம் கையில் நிற்கும். பென்ஷனோடு சேர்த்தால் வீட்டுச் செலவுக்குச் சரியாக வரும். வாரம் ஐந்துதான் வருகிறது என்றால்? ஆறு மாதம் பார்ப்போம். அதற்கு மேலும் வராவிட்டால் காலையில் ஒரு வேளை ஏதாவது கணக்கு எழுதப் போக வேண்டியதுதான். மச்சானிடம் அதையும் சொல்லிவிட்டோம்.

ஒற்றைத் தாளாக வந்து பட்டி ஒட்ட வேண்டிய புத்தகத்துக்கு இந்த விலை கட்டாது. இப்போது வரும் பல புத்தகங்கள் முதுகை வெட்டி வெறும் பசையில் ஒட்டியவைதான். பசை காய்ந்ததும் தாள் தாளாக உதிரும். அதைப் பட்டி ஒட்டித் தைப்பதற்கு ஆகும் கூலியில் புதுப் புத்தகம் இரண்டு வாங்கலாம். கொண்டுவருபவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவோம். உம்மாவின் கையெழுத்து அதில் இருக்கிறது, எவ்வளவானாலும் செய்யுங்கள் என்றால் அது வேறு விஷயம்.

கடையில் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். சிரிக்காதீர்கள்! புத்தகம் வாங்கும்போதே உடையவர் முன்னிலையில் தாள்களை எண்ணி, கிழிசல், விடுபட்ட பக்கம் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். உள்ளே பழைய ரசீதோ, காய்ந்த பூவோ, பிறந்த தேதி எழுதிய துண்டோ இருந்தால் கவரில் போட்டு எண் எழுதித் திருப்பிக் கொடுப்போம். ஒரு முஸ்ஹஃபின் கடைசித் தாளில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் பிறந்த நாள்கள் எழுதியிருந்ததைப் பார்த்தோம். அந்த வெற்றுத் தாளைத்தான் பைண்டர்கள் முதலில் கழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டுவார்கள்.

மஃரிபுக்குப் பிறகு கடை கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை நூல் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு மேல்தான் திறப்போம்.

மேனேஜர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். பதிவறையில் அதே மாதிரி சைடு தையல் போட்ட சம்பள ரெஜிஸ்டர்கள் இன்னும் மூன்று இருக்கின்றன. இரண்டாவது அலமாரி, கீழ்த் தட்டு. கரையான் இன்னும் ஏறவில்லை, ஆனால் சுவரில் ஈரம் இருக்கிறது. அவற்றில் பெயர் உள்ளவர்களில் நான்கு பேர் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார்கள், இருவர் இங்கேயே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் முதல் வேலையாக அவற்றைச் செய்து தருகிறோம், பொருள் செலவு மட்டும் தந்தால் போதும். ரெஜிஸ்டர்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஆகவே முன்பு போலவே மாலையில் இங்கே வந்து செய்கிறோம். விண்ணப்பம் தங்கள் மேசையில், இடது பக்கத் தட்டில் மேலாக இருக்கிறது. தேதி போட்டு கையெழுத்திட்டால் திங்கட்கிழமை வந்துவிடுவோம்.

வஸ்ஸலாம்.